அரை மணி நேரம்

அப்பா உயில் எழுதாமல் போனார். அம்மா அவருக்கு முன்பே போய்விட்டாள். திருநகர் வீடு அப்பா பெயரில் இருந்தது. அதில் தங்கை குடும்பத்தோடு இருந்தாள். கடைசிக் காலத்தில் அப்பாவைப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். பார்க்கிறவர்களிடமெல்லாம் அவர் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். பத்திரிகையில் நான் எழுதி என் பெயரோடு வந்த செய்திகளைப் பற்றி அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த வீட்டில் எனக்கு என்ன பங்கு என்று தெரிந்துகொள்ள, தங்கைக்குச் சொல்லாமல் ஒரு வக்கீலிடம் நேரம் கேட்டேன். அப்பாவுக்கு நம்பிக்கையானவர்; வீடு வாங்கியபோது பத்திரத்தைப் பார்த்துக் கொடுத்தவரும் அவரே. வேறொருவரிடம் போக எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் அவருடைய குமாஸ்தா போன் செய்து சனிக்கிழமை சாயங்காலம் என்று உறுதி செய்தார். முதல் சந்திப்பு அரை மணி நேரம், அதற்குமேல் போனால் இன்னொரு நாள்தான் என்றார். என்னென்ன கொண்டுவர வேண்டும் என்பதை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்: வீட்டுப் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது, அப்பாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, என் ஆதார். அசலைக் காட்டினால் போதும், நகலை மட்டும் கொடுங்கள் என்று கீழே எழுதியிருந்தது.

இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் என்னிடம் இருந்தன. தாலுகா அலுவலகத்துக்கு அலைந்தவள் நான்தான். வில்லங்கச் சான்றை ஆன்லைனில் எடுத்துக்கொண்டேன். பத்திரங்களும் வரி ரசீதும் தங்கையின் பீரோவில் இருந்தன.

வரி ரசீதில் பெயர் மாற்ற வேண்டும் என்று பொய் சொல்லிக்கொண்டு போனேன். அவள் பீரோவைத் திறந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து வைத்தாள். ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் உறையில். கட்டின் மேலட்டையில் அப்பாவின் கையெழுத்தில் அவள் பெயர். ‘வசம்’ என்று பக்கத்தில் போட்டிருந்தார். அவ்வளவுதான், சொத்தை எழுதி வைக்கவில்லை, காகிதத்தைக் கொடுத்து வைத்திருந்தார். அது சட்டப்படி ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், நகல் எடுத்துவிட்டுத் தருவதாக வாங்கிப்போன அந்தக் கட்டின் அட்டையைக் கடைக்காரர் பார்க்காதபடி திருப்பிப் பிடித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை குமாஸ்தா மறுபடி கூப்பிட்டார். முதலிலேயே கேட்டிருக்க வேண்டும், விட்டுவிட்டேன் என்று சொல்லி எதிர்த்தரப்பு யார் என்று கேட்டார். தங்கை பெயரையும் வீட்டு விலாசத்தையும் சொன்னேன். நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு கூப்பிடுவதாகச் சொல்லி வைத்தார். கொஞ்ச நேரத்தில் கூப்பிடவும் செய்தார்.

“சார் உங்களைப் பாக்க முடியாதுன்னுட்டாரும்மா. ஏன்னு எங்கிட்ட கேக்காதீங்க.”

அவர் சொல்லக்கூடாது. சொல்ல வேண்டியதும் இல்லை. ஒரு வழக்கில் இரண்டு பக்கத்துக்கும் ஒரே வக்கீல் இருக்க முடியாது என்பது நீதிமன்றச் செய்தி எழுதிய எனக்குத் தெரியும். தங்கைக்குப் போன் போட்டேன்.

“வக்கீல்ட்ட போனியா?”

“போனேன்க்கா. நீ போறதுக்குள்ள போயிரணும்னு போனேன்.”

“எம்புட்டு நேரம் பேசினாரு?”

“ஒரு மணி நேரம் இருக்கும். ஏன்க்கா?”

அவர் என்ன சொன்னார் என்று நான் கேட்டிருக்க வேண்டும். எனக்கு அரை மணி, அவளுக்கு ஒரு மணி என்பதிலேயே மனசு நின்றது. அவளாகவே சொன்னாள். அப்பாவைப் பார்த்துக்கொண்டதற்குச் சட்டத்தில் தனிப்பங்கு கிடையாதாம். உயில் இல்லாததால் இரண்டு மகள்களுக்கும் சரிபாதியாம். வாரிசுச் சான்று இல்லாமல் மேற்கொண்டு பேச முடியாது என்றாராம்.

“அது உங்கிட்டதான இருக்கு. அப்பாவுக்கு மூத்திரம் அள்ளுனது நானு. நீ தீவாளிக்கு வந்து போட்டோ எடுத்துட்டுப் போவ. ஒனக்கும் பாதி.”

நான் தெரிந்துகொள்ள நினைத்தது தெரிந்துவிட்டது. அதுவும் எனக்குச் சாதகமாக. சந்தோஷம் வரவில்லை. பாதி வீடு கிடைத்தாலும் அந்த மூத்திரத்தில் எனக்குப் பங்கில்லை.

வழக்கு வேண்டாமென்றால் இரண்டு பேரும் சேர்ந்து வாருங்கள், இருவரும் சம்மதித்தால் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதலாம் என்று வக்கீல் அவளிடம் சொல்லியிருந்தார். அவள் அதை எனக்குச் சொல்வதாக இல்லை. போன் போட்டதால் சொன்னாள். வாரிசுச் சான்றை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றேன். பத்திரத்தை நான் எடுத்தாறேன் என்றாள்.

தங்கை சொல்லியிருக்க வேண்டும், குமாஸ்தாவிடமிருந்து புதிய செய்தி வந்தது. அதே சனிக்கிழமை, அதே காகிதங்கள், இருவரின் ஆதார், சந்திப்பு ஒரு மணி நேரம். மேலே இரண்டு பெயர்கள். தங்கை பெயர் முதலில்.

நானே கூப்பிட்டேன். மூத்தவள் நான், பெயரை மாற்றிப் போடுங்கள் என்றேன்.

“மொதல்ல வந்தவங்க பேர மொதல்ல போட்டேம்மா” என்றார். “மாத்தணுமா?”

வேண்டாம் என்றேன்.