பெயர் பிறகு

அம்பத்தூர் வீட்டில் அக்கா குழந்தைப் போர்வைகளில் யானைப் படமும் பெயரும் எம்பிராய்டரி மெஷினில் பின்னித் தருவாள். ஆன்லைன் விற்பனைப் பக்கத்தை நான்தான் போட்டேன்: நூலின் நிறம், கட்டாயம் நிரப்ப வேண்டிய பெயர்க் கட்டம், செய்து அனுப்ப மூன்று நாள்.

"மூணு நாளா? மெஷின்ல நீ வந்து குந்துவியா? ஒரு வாரம்னு போடு," என்றாள் அக்கா. மாற்றினேன்.

முதலில் அழைத்தவர் மாங்காட்டுப் பெண். "பேரைத் தொட்டில் போடுற அன்னிக்குத்தான் வெளிய சொல்லுவோம். கட்டத்துல இன்னா எழுதுறது? வேணாம், உட்டுடுங்க."

முதல் ஆர்டரே போகிறதே என்று பதறினேன். அக்கா சிரித்தாள். "யானைய மட்டும் பின்னி, பேருக்கு எடம் உட்டு அனுப்புறேன்னு சொல்லு. அப்பறமா எடுத்துகினு வரட்டும்."

கட்டாயத்தை நீக்கி, 'பெயர் பிறகு' என்றொரு தேர்வும், போர்வை திரும்பி வந்ததும் பெயர் பின்னத் தனியாக இரண்டு நாளும் சேர்த்தேன். ஆர்டர் வந்தது.

விழா முடிந்து போர்வையும் குழந்தையுமாக அவர் வந்தார். அக்கா போர்வையை என்னிடம் தள்ளிவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டாள். "பேரு இன்னாடா செல்லம்?"