நான்கு கஜம் நான்கு மீட்டரான கதை

ராஜபாளையத்தில் மருத்துவக் கட்டுத்துணி ஏற்றுமதி செய்யும் ஆலையில் ஆவணங்கள் தயாரிப்பது என் வேலை. ஜெர்மனிக்கு அதுதான் முதல் சரக்கு. எங்கள் சுருள் ஒவ்வொன்றும் நான்கு கஜம் என்பதால், லேபிளில் 3.66 மீட்டர் என்று அடித்திருந்தேன்.

"ரெண்டு ஆறு சேந்து வருது, ராசியில்ல. நாலு மீட்டர்னே போடும்," என்றார் முதலாளி.

"துணி குறையுமே, மொதலாளி?"

"எவன்வே டேப்பு பிடிச்சுப் பாக்கப் போறான்?"

ஜெர்மன்காரர் பிடித்துப் பார்த்தார். லேபிளைத் திருத்தாவிட்டால் மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்புவதாக எழுதினார். அவர்கள் தசமத்துக்குப் புள்ளி வைப்பதில்லை, காற்புள்ளிதான். அப்படியே 3,66 என்று அடித்துக் காட்டினேன்.

முதலாளி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

"அந்தப் புள்ளிதான்வே ராசியில்லாதது. மொதல்லயே கமா போட்டிருந்தா இம்புட்டு வம்பு வந்திருக்குமா?"