அடங்கினது வேற, அணைஞ்சது வேற

நான் முனிசிபாலிட்டியில இன்ஜினியர். எந்தப் பிரிவுன்னு கேக்குறவங்ககிட்ட "குப்பை"ன்னு சொன்னதும் அவங்க முகம் போற போக்கைப் பாக்கணுமே! ரோடு போடுறவங்களுக்கு இருக்கிற மரியாதை நமக்குக் கிடையாது. எனக்கு அதுல வருத்தம் ஒண்ணும் இல்ல. கோபம்தான் உண்டு. எனக்குக் கோபம் சட்டுனு வரும், ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும்.

அந்த வருஷம் கத்திரி வெயில்ல குப்பைமேட்டோட கிழக்குச் சரிவுல புகை கிளம்புச்சு. தீயணைப்பு வண்டிங்க வந்து ஒரு பகல் முழுக்கத் தண்ணி அடிச்சாங்க. சாயங்காலம் புகை நின்னுச்சு. தீயணைப்பு நிலைய அதிகாரி நெத்தியைத் துடைச்சிக்கிட்டே, "அடங்கிடுச்சு மேடம்"னார். நானும் போன்ல கமிஷனர்கிட்ட "அடங்கிடுச்சு சார்"னுதான் சொன்னேன். அவர் டிவிக்காரங்ககிட்டப் பேசும்போது அது "முழுமையாக அணைக்கப்பட்டது"ன்னு ஆயிடுச்சு. ஒரே ஒரு வார்த்தைதானே மாறுச்சுன்னு தோணும். அந்த ஒரு வார்த்தைக்கு நாங்க பட்ட பாடு இருக்கே!

மறுநாளைக்கு மறுநாள் காலையில நான் குப்பைமேட்டு கேட்ல இறங்குறேன், பைக்குல ஒரு பையன் நிக்கிறான். டைல்ஸ் ஒட்டுற வேலைன்னு கையைப் பாத்தாலே தெரியுது, நகத்துல எல்லாம் வெள்ளை சிமெண்டு. சரிவுக்கு நேர் எதிர்ல இருக்கிற தெருவுல, தானே தரை போட்டு, சுவர் பூசிக் கட்டின வீடு அவனோடது. பொண்டாட்டி பிரசவத்துக்கு அரியாங்குப்பத்துல அம்மா வீட்டுக்குப் போயிருந்தா. டிவியில தீ அணைஞ்சிடுச்சுன்னு கேட்டதும் பிள்ளையையும் பிள்ளை பெத்தவளையும் ஆசையா ஆட்டோல கூட்டிட்டு வந்திருக்கான். விடியக்காலையில பாத்தா வீட்டுக்குள்ள புகை. குழந்தை இருமி இருமி முகம் செவந்து போயிடுச்சு. அதே ஆட்டோல திரும்ப அரியாங்குப்பம்.

"அணைஞ்சிடுச்சுன்னு நீங்கதான சொன்னீங்க? மாமியார் இனிமே இங்க அனுப்பவே மாட்டேன்றாங்க. அந்தப் பக்கமே வாடகை வீடு பாருன்றாங்க. நான் கட்டின வீட்டை என்ன பண்ணட்டும்?"

கத்திடலாம்னுதான் வாயைத் தொறந்தேன். அவன் கண்ணு கலங்கி இருந்துச்சு. அது புகையால இல்ல. "தம்பி, அணைஞ்சிடுச்சுன்னு நான் சொல்லல. இனிமே அந்த வார்த்தையை நான் சொன்னா நீ நம்பு. வேற யார் சொன்னாலும் நம்பாத"ன்னேன்.

சொல்லிட்டேனே ஒழிய, மேட்டுக்கு உள்ள எவ்வளவு தூரம் எரியுதுன்னு எனக்கே தெரியாது.

குப்பை எரியிறதுன்னா எல்லாரும் நெருப்பைத் தேடுவாங்க. இங்க நெருப்பு கண்ணுக்கே தெரியாது. வருஷக்கணக்கா கொட்டின குப்பை மக்கும்போது தானா சூடு ஏறும். எரியிற வாயுவும் உண்டாகும். ஒரு தணல் உள்ள போய் மாட்டிக்கிச்சுன்னா, சரிவுல இருக்கிற வெடிப்பு வழியா கொஞ்சம் கொஞ்சம் காத்து கிடைச்சாலே போதும், ஜ்வாலை இல்லாமலே கனிஞ்சிக்கிட்டு இருக்கும். மேல தண்ணி அடிச்சா அது பிளாஸ்டிக் மேலயும் சந்து பொந்து வழியாவும் ஓடிக் கீழ கறுப்புச் சாக்கடையா வரும். தணல் பக்கம் திரும்பிக்கூடப் பாக்காது. அடுத்த வாரம் இன்னொரு பக்கம் மூக்கை நீட்டும்.

இதைத்தான் கமிஷனர் ரூம்ல சொன்னேன். அவர், "இன்னும் பத்து டேங்கர் அடிச்சிடுவோமே"ன்னார்.

"சார், தண்ணியை மேல அடிச்சா மேலதான் குளிரும். கிழக்குப் பக்கம் தரை உள்வாங்கியிருக்கு, வெடிப்பு விட்டிருக்கு, தார் காய்ச்சுற மாதிரி நாத்தம் அடிக்குது. நீளக் கம்பி தெர்மாமீட்டரை எறக்கிப் பாத்தேன், மத்த இடத்தை விட அங்க கொதிக்குது. வாயு மீட்டர் கார்பன் மோனாக்சைடும் காட்டுது. உள்ள எரியுது, சந்தேகமே இல்ல."

தீயணைப்பு அதிகாரி பக்கத்துல சிரிச்சிக்கிட்டே, "அப்ப நாங்க அன்னைக்குப் பூரா குப்பையைக் குளிப்பாட்டி விட்டோமா மேடம்?"னார்.

"நல்லாவே குளிப்பாட்டினீங்க சார். தலைக்கு ஊத்தினீங்க, காய்ச்சல் வயித்துல இருக்கு."

கமிஷனருக்கே சிரிப்பு வந்துடுச்சு. அவர் நல்ல மனுஷன்தான், அவசரம் ஜாஸ்தி. "சரிம்மா, உன் வழியிலயே போ. ஆனா ஜனங்களுக்கு என்ன சொல்றது?"ன்னு கேட்டார். உள்ளதைச் சொல்லுங்கன்னேன். உள்ள எரியுது, தோண்டி எடுக்கிறோம், தோண்டும்போது புகை கூடும், மூச்சுக் கோளாறு உள்ளவங்களும் குழந்தைங்களும் கொஞ்ச நாள் வேற இடத்துல இருக்கட்டும், வேணும்னா நாமளே இடம் ஏற்பாடு பண்றோம். ஒலிபெருக்கி ஆட்டோல அப்படியே சொல்லச் சொன்னார். தெருவுல ஒருத்தரும் சண்டைக்கு வரல. எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு.

அப்புறம் ஆரம்பிச்சுது வேலை. குப்பை லாரிங்களை அந்தப் பக்கமே விடல. எரியிற பகுதியையும் மத்ததையும் பிரிக்க நடுவுல பள்ளம் வெட்டி மண்ணை நிரப்பினோம். பக்கத்துல காலியா ஒரு தரையைச் சுத்தம் பண்ணி வெச்சோம். காத்து நம்ம முதுகுல படுற பக்கமா நின்னு, பொக்லைன்ல கொஞ்சமா அள்ளணும், தரையில மெல்லிசா பரப்பணும், தண்ணி அடிச்சுக் கிளறணும், மறுபடி அடிக்கணும், தெர்மாமீட்டர் வெச்சுப் பாக்கணும். ஆறினதை அடுக்கு அடுக்கா அழுத்தி, மேல மண்ணைப் போட்டு மூடணும். உள்வாங்கின இடத்துல ஒருத்தரும் கால் வைக்கக் கூடாது. கீழ எரிஞ்சு கூடா இருந்தா அப்படியே உள்ள போயிடுவாங்க.

இவ்வளவும் பொக்லைன் ஓட்டுறவர்கிட்டச் சொல்லியாச்சு. அண்ணனுக்கு வேலைன்னா உற்சாகம். முதல் நாளே, சீக்கிரம் முடிச்சிடலாம்னு பெருசா ஒரு வாய் அள்ளினார். காத்து உள்ள பூந்துச்சு. குப்புன்னு ஒரு ஆள் உசரத்துக்கு நெருப்பு!

"அண்ணே! சோத்துச் சட்டியா அது, அப்படி அள்றீங்க! பின்னாடி வாங்க!"

தயாரா நின்ன டேங்கர்ல அடிச்சு, மண்ணைத் தள்ளி மூடினாங்க. அண்ணன் இறங்கி வந்து ஒரு சொம்புத் தண்ணியைக் குடிச்சிட்டு, "நீ கத்தின கத்துல நெருப்பே பயந்துடுச்சும்மா"ன்னார். அதுக்கப்புறம் ஸ்பூன்ல எடுக்கிற மாதிரிதான் எடுத்தார்.

எரிஞ்ச இடத்தோட நடுவுக்குப் போனப்ப சாக்குப் பைங்க கிடைச்சுது. பாதி கருகின சாக்கு, அதுல அழியாம நின்ன ஒரு ரொட்டிக் கடைப் பேரு, உள்ள கட்டி தட்டின சாம்பல், கரித்துண்டு. அதுலதான் பத்துச்சுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். குப்பைக்குத் தானா சூடேறவும் தெரியும், பழைய பேட்டரி நசுங்கினாலும் பத்தும், ஒயர்ல செம்பு எடுக்க எவனாவது கொளுத்தியும் இருப்பான். ஆனா சாம்பல் வந்த இடம் தெரிஞ்சும் சும்மா இருக்க முடியுமா?

டவுன்ல விறகு அடுப்புல ரொட்டி சுடுற பழைய கடை அது. பெரியவர் ஒருத்தர், முனிசிபாலிட்டியை இன்னும் "மேரி"ன்னு பிரெஞ்சுக்காரன் காலத்துப் பேர்லயே சொல்றவர். "மேரியிலேர்ந்து வர்றியாம்மா? மொதல்ல ரொட்டி சாப்பிடு"ன்னு சூடா ஒண்ணை நீட்டினார். சண்டை போடப் போனவ வாயில ரொட்டி. என்னத்தைச் சொல்றது!

"சாம்பலை நெருப்போட போடுறீங்களா பெரியவரே?"

"சேச்சே! தண்ணி தெளிச்சு அணைச்சிட்டுத்தான் சாக்குல கட்டுறோம்."

கொல்லையில அன்னைக்குக் கட்டின சாக்கு இருந்துச்சு. அவிழ்த்து ஒரு குச்சியால நடுவுல கிளறினேன். உள்ள செக்கச்செவேல்னு கண்ணு முழிச்சுது ஒரு தணல். பெரியவர் நெஞ்சுல கை வெச்சிக்கிட்டார். மேல வெள்ளையா சாம்பல் பூத்திருந்தா அணைஞ்சிடுச்சுன்னு நெனைக்கிறதுதான் எல்லார் வழக்கமும். எங்க கமிஷனர் பண்ண தப்பேதான் இவரும் பண்ணியிருக்கார். அன்னையிலேர்ந்து அவர் கடையில மூடி போட்ட இரும்பு டிரம்தான். தண்ணி ஊத்திக் கிளறி, கைக்குக் குளிர்ந்தப்புறம்தான் சாம்பல் வெளியில போகும். சாம்பலுக்குத் தனி வண்டி விட்டோம். இஸ்திரி வண்டிக்காரங்க, கல்யாண மண்டபத்துச் சமையல்காரங்க எல்லார்கிட்டயும் போய்ச் சொன்னோம். குப்பைமேட்டுலயும் அன்னன்னைக்குக் கொட்டுறதை அழுத்தி அன்னைக்கே மண் போட்டு மூடுறதுன்னு ஆச்சு.

இதுக்கு நடுவுல அந்தப் பையன் தினம் வேலைக்குப் போற வழியில கேட்ல வந்து நிப்பான்.

"அணைஞ்சிடுச்சா அக்கா?"

"அடங்கியிருக்கு தம்பி."

மூஞ்சி தொங்கிப் போயிடும். கடைசி வாய் குப்பையும் எடுத்து, மேல மண்ணு மூடி, புகையே இல்லாம போனப்பவும் இதே பதில்தான். கமிஷனர் போன் பண்ணி, "இன்னுமாம்மா அந்த வார்த்தை வரல?"ன்னார். கம்பியை எறக்கினா சூடு எறங்கிக்கிட்டே வருது சார், ஆனா பக்கத்து இடத்து அளவுக்கு வரல, வந்தப்புறமும் கொஞ்ச நாள் ஏறாம அங்கேயே நிக்கணும்னேன். எனக்கும் ஆசையாத்தான் இருந்துச்சு. "அக்கா, பிள்ளை சிரிக்க ஆரம்பிச்சிட்டானாம், நான் இன்னும் சரியா பாக்கல"ன்னு ஒரு நாள் அவன் சொன்னப்ப, போய்யா அணைஞ்சிடுச்சு, கூட்டிட்டு வான்னு சொல்லிடலாம் போல இருந்துச்சு. பல்லைக் கடிச்சிக்கிட்டு நின்னேன்.

ஒரு மழையும் பெய்ஞ்சு, அதுக்கப்புறமும் ஆவி வரல, தரை உள்வாங்கல, வாயு மீட்டர் சும்மா இருந்துச்சு, கம்பி எங்க எறக்கினாலும் ஒரே சூடு. அன்னைக்கு நான்தான் கேட்ல நின்னு அவன் பைக்குக்காகக் காத்திருந்தேன். அவன் கேக்கக்கூட விடல.

"அணைஞ்சிடுச்சுடா தம்பி!"

அவன் பைக்கை நடு ரோட்டுல நிறுத்திட்டு அப்படியே உக்காந்துட்டான். பின்னாடி டவுன் பஸ்காரர் ஹாரன் அடிச்சுத் திட்டினார். நானும் சேர்ந்து திட்டினேன்.

அடுத்த ஞாயித்துக்கிழமை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டான். சன்னல் எல்லாம் தொறந்து கெடந்துச்சு. அவன் ஒட்டின டைல்ஸ் மேல அவன் பிள்ளை பாயில கையைக் காலை உதைச்சிக்கிட்டுக் கெடந்தான். அவன் மாமியார் குழந்தையைக் குளிப்பாட்டிட்டு, தூபக்கால்ல தணல் வெச்சு, ஒரு சிட்டிகை சாம்பிராணி போட்டுத் தலைமுடிக்குக் காட்ட வந்தாங்க.

"ஏம்மா, குப்பைமேட்டுப் புகைக்கு ஊரையே திட்டினீங்க, இது மட்டும் ஆகுமா?"ன்னேன்.

"இது நல்ல புகைடி!"ன்னாங்க. எல்லாரும் சிரிச்சோம்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "சரி, அந்தத் தணலை எங்க கொட்டுவீங்க?"ன்னு கேட்டேன்.

"சாம்பல் பூத்துடுச்சே, குப்பைக் கூடையிலதான்."

அந்தப் பையன் மாமியார் கையிலேர்ந்து தூபக்காலை வாங்கிட்டுக் கொல்லைப் பக்கம் போனான். தண்ணி ஊத்தினான், உஸ்ஸுன்னுது. குச்சியால கிளறினான், மறுபடி ஊத்தினான். கொஞ்ச நேரம் குத்துக்கால் போட்டு அப்படியே பாத்துக்கிட்டு இருந்தான். அப்புறம் புறங்கையை அது மேல வெச்சுப் பாத்துட்டு, உள்ள குழந்தை இருக்கிற பக்கம் திரும்பிச் சொன்னான்.

"இப்பதான் அணைஞ்சிது."