மழை பெய்யாத நான்கு நாட்கள்

விண்ணப்பத்தை அனுப்பி மூன்று நாள் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கண்டிக்குப் பக்கத்தில், குண்டசாலையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் தகரக் கூரையில் சன்னமாக மழை விழுந்துகொண்டிருந்தது. எனக்குப் பாதி விழிப்பு, பாதி தூக்கம். அப்பா தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"அனுப்பிட்டியே, அதுல என்னா எழுதியிருக்கேன்னு வாசிச்சுக் காட்டு புள்ள. நான்தான் நெறைய வாறேன்னு அம்மா சொன்னா."

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் மழையைப் பற்றிய முதுகலைப் படிப்பு. முழுப் புலமைப்பரிசில் கிடைத்தால் போவேன், கிடைக்காவிட்டால் அந்தப் பேச்சே இல்லை. மதிப்பெண்ணுக்கும் சான்றிதழுக்கும் மேலே, நான் யார், ஏன் இதைப் படிக்க வேண்டும் என்று இரண்டு பக்க அறிக்கை ஒன்று கேட்டிருந்தார்கள். இரண்டு மாதம் தலையைப் பிய்த்துக்கொண்டு எழுதியது அது. எனக்கே என் மேல் பெருமை தாங்கவில்லை.

படுத்தபடியே கைபேசியைப் பார்த்து, ஆங்கிலத்தைத் தமிழாக்கி வாசித்தேன். "மழைக்குப் பேர்போன ஒரு மலையில், மழையே இல்லாத நாளில் நான் பிறந்தேன். தேயிலைத் தோட்டத்துக் கந்தோரில் எழுத்து வேலை செய்த என் அப்பா, இருபத்திரண்டு வருடம் ஒரு நாள் கூடத் தவறாமல் மழைமானியை வாசித்து எழுதினார். அடைமழை மாதத்தின் நடுவே நான்கு நாள் தொடர்ந்து பூச்சியம். அதில் இரண்டாவது நாள் என் பிறந்த நாள். அந்த நான்கு பூச்சியங்கள் ஏன் என்று பதினைந்து வயதில் கேட்ட கேள்விதான் என்னை மழையிடம் கொண்டுவந்து சேர்த்தது."

நிமிர்ந்து பார்த்தேன். நல்லாயிருக்கு என்று சொல்லுவார் என்று பார்த்தால், மனுசன் கோப்பையைத் தரையில் வைத்துவிட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மழை பேயலையா?" என்றார். "நீ பொறந்தன்னைக்கா? யாரு சொன்னா?"

"நீங்கதானே எழுதி வச்சிருக்கீங்க. உங்க மழைக் கொப்பியில இருக்கே!"

அம்மா அடுப்படியிலிருந்து சிரித்தாள். "ஐயோ, அன்னைக்கும் அதுக்கு முந்தின நாளும் பேஞ்ச மழையா! தோட்டத்து லொறி ஹுன்னஸ்கிரிய தாண்டினதும் ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடந்துச்சு. உங்கப்பா லொறிய மூடுற படங்கத் தலைக்கு மேல புடிச்சிக்கிட்டு என்னைய நடத்திக் கூட்டிட்டுப் போனாரு. அந்தப் பக்கம் வேற லொறி. கண்டி ஆசுபத்திரிக்குப் போறதுக்குள்ள உயிரு போயி உயிரு வந்துச்சு."

இந்தக் கதையைச் சின்ன வயதிலிருந்து நூறு தடவை கேட்டிருக்கிறேன். லொறி, மண்சரிவு, படங்கு எல்லாம் தெரியும். கொப்பியில் இருந்த பூச்சியமும் தெரியும். இரண்டும் என் தலைக்குள் இத்தனை வருடம் பக்கத்தில் பக்கத்தில் கிடந்திருக்கின்றன, ஒன்றை ஒன்று பார்க்காமலே. மழையைப் படிக்கப் போகிறவளாம் நான். வெட்கக்கேடு.

அப்பா மெதுவாகச் சொன்னார். மழைமானி கந்தோருக்கு முன்னால் புல்லில் இருக்கும். காலை எட்டரைக்கு உள்ளே இருக்கிற போத்தலை எடுத்து, அளவுக் கிளாசில் ஊற்றிப் பார்த்து எழுத வேண்டும். கிளாஸ் கந்தோர் அலுமாரிக்குள். அலுமாரிச் சாவி அப்பாவின் சட்டைப் பையில். அம்மாவுக்கு வலி வந்த அவசரத்தில் சாவியோடேயே கண்டிக்குப் போய்விட்டார். நான்கு காலைகள் யாரும் அளக்கவில்லை. ஐந்தாம் நாள் திரும்பி வந்து பார்த்தால் போத்தல் நிறைந்து, அதைச் சுற்றியிருக்கிற வெளிக்கூடும் நிறைந்து, வழிந்துகொண்டிருந்தது. எவ்வளவு என்று எப்படிச் சொல்வது? எல்லாவற்றையும் புல்லில் ஊற்றிவிட்டார்.

"மாசக் கடைசியில மழைக் கணக்கு எழுதின பாரம் கொழும்புக்குப் போகணும். வெறுங்கட்டம் இருந்தா பெரிய கிளாக்கர் ஐயா ஏசுவாரு, வேலைக்கே ஆபத்து. அதான் கொப்பியிலயும் பாரத்துலயும் பூச்சியம் போட்டேன். அவரும் பாக்காம கையெழுத்து வச்சிட்டாரு."

"மழைன்னு ஏதாவது ஒரு கணக்குப் போட்டிருக்கலாமே!" என்று கத்தினேன். அது அதைவிடப் பெரிய பொய் என்று கத்தும்போதே தெரிந்தது.

"பொய்யா ஒரு கணக்கு எழுதக் கை வரல புள்ள. பூச்சியம்னா ஒண்ணும் எழுதாத மாதிரிதானேன்னு நெனச்சேன்."

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! பூச்சியம் என்றால் அளந்தேன், மழை இல்லை என்று அர்த்தம். எழுதாமல் விட்டால்தான் தெரியாது என்று அர்த்தம். இது முதலாம் வருடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், என் வாழ்க்கையையே கெடுத்துவிட்டீர்கள் என்று வாய்க்கு வந்தபடி பேசினேன். அவர் ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

விண்ணப்பத் தளத்துக்குள் போய்ப் பார்த்தேன். அனுப்பியாயிற்று, இனி வாசிக்கலாம், மாற்ற முடியாது என்று சாம்பல் நிறத்தில் எழுதியிருந்தது. என் அறிக்கை அங்கே கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற மாதிரி இருந்தது. மழையே இல்லாத நாளில் நான் பிறந்தேன். எவ்வளவு அழகான வசனம். அதை விடவே மனசு வரவில்லை.

"சும்மா இரு," என்றாள் அம்மா. "அங்க இருக்கிறவனுக்கு நம்ம தோட்டத்து மழை தெரியப்போகுதா? நீயா போயி வாயக் குடுக்காத."

அன்று முழுக்க மழை விடவில்லை. மகாவலிப் பக்கமிருந்து புகை மாதிரி மூடிக்கொண்டு வந்தது. சன்னலில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தேன். நான் பிறப்பதற்கு முந்தைய நாளின் மழைக்குள் அம்மாவும் அப்பாவும் படங்கைப் பிடித்துக்கொண்டு நடப்பது தெரிந்தது. அம்மாவின் வயிற்றுக்குள் இருந்து நானும் அந்தச் சத்தத்தைக் கேட்டிருப்பேன். கேட்டுவிட்டுத்தான் பெய்யவே இல்லை என்று எழுதியிருக்கிறேன். அந்த நினைப்பு என்னை விடவில்லை.

மறுநாள் பஸ் பிடித்து, எனக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுத்த விரிவுரையாளரிடம் போனேன். யாழ்ப்பாணத்து மிஸ். முழுதும் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"ஐயோ பிள்ளை, நீர் காட்டின வரைவைப் பாத்து அந்த நாலு நாள் கதையை நானும் என்ர கடிதத்தில எழுதிப்போட்டன்."

என் பொய் இன்னொருவரின் கையெழுத்துக்குக் கீழேயும் போயிருக்கிறது.

"சொல்லாமல் விட்டா என்ன ஆகும் மிஸ்?"

"ஒண்டும் ஆகாமலும் போகலாம். ஆனா நாளைக்கு அதே கொப்பியை வச்சுத்தானே ஆராய்ச்சி செய்யப்போறீர்? அப்ப தெரிஞ்சா, முந்தியே தெரியுமோ எண்டு கேப்பினம். இரும், எழுதுவம். நானும் அவையளுக்கு ஒரு மின்னஞ்சல் போடவேணும்."

நான் எழுதிக்கொண்டு போயிருந்தது மூன்று பக்கம். மன்னிப்பு, மன்னிப்பு, மறுபடியும் மன்னிப்பு. அவர் பென்சிலால் கோடு கோடாக இழுத்தார். "இந்த அழுகையெல்லாம் வெட்டும். விண்ணப்ப எண், எந்தப் பந்தி, என்ன எழுதினீர், எது சரி, எப்பிடி எப்பத் தெரிஞ்சது. அவ்வளவும் போதும். புதுசா இன்னொரு அறிக்கை எழுதி அனுப்பாதையும், வடிவா அழகுபடுத்தப் பாக்கிறீர் எண்டு நினைப்பினம். இந்தக் கடிதத்தை உம்மட விண்ணப்பக் கோப்பில சேர்க்கச் சொல்லி மட்டும் கேளும்."

மிஞ்சியது பத்து வரி. வீட்டுக்கு வந்ததும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவரைக் கேட்காமல் அனுப்ப எனக்கு மனம் ஒப்பவில்லை.

"அனுமதிப் பிரிவினருக்கு. என் அறிக்கையின் முதற் பந்தியில் நான் பிறந்த நாளில் மழை இல்லை என்றும், அளவீடு ஒரு நாளும் தவறவில்லை என்றும் எழுதினேன். இரண்டும் தவறு. விண்ணப்பத்தை அனுப்பிய பிறகு இதை அறிந்தேன். அந்த நான்கு நாட்களும் கன மழை. ஆனால் மழை அளப்பவர் ஒருவர் அங்கே இல்லாததால் அளக்கப்படவில்லை. பின்னர் அந்தக் கட்டங்களில் பூச்சியம் இடப்பட்டது. அவை விடுபட்ட நாட்களாகக் கொள்ளப்பட வேண்டும்."

"யாரு அந்த ஒருவர்?" என்றார் அப்பா.

"நீங்கதான். பேரு கெட்டுறக் கூடாதுன்னு அப்படிப் போட்டேன்."

"அப்பான்னு போடு."

"அவங்க உங்களைத் தப்பா நெனப்பாங்கப்பா."

"நெனைக்கட்டும். தவறாம எழுதினாருன்னு சொல்லும்போது மட்டும் அப்பா, தப்புப் பண்ணினா யாரோ ஒருத்தனா? அது எப்படி? எங்க போயிருந்தேன்னும் போடு. சும்மா சுத்தப் போகலையே."

போட்டேன். என் அப்பா, என் அம்மாவைப் பிரசவத்துக்கு மருத்துவமனைக்குக் கூட்டிப்போயிருந்தார் என்று. மறுபடி காட்டியபோது, அழுகையை வெட்டச் சொன்ன மிஸ்ஸும் அந்த வரியை வெட்டவில்லை. கடிதத்தை அனுப்பும்போது, போனால் போகட்டும் என்று சத்தமாகச் சொன்னேன். உள்ளுக்குள் போய்விடக் கூடாதே என்று துடித்தது.

பத்து நாள் கழித்து இரண்டு வரிப் பதில் வந்தது. உங்கள் கடிதம் கோப்பில் சேர்க்கப்பட்டது, அறிக்கையோடு சேர்த்து வாசிக்கப்படும். நல்லது என்றும் இல்லை, கெட்டது என்றும் இல்லை. அப்புறம் மாதக்கணக்கில் ஒன்றும் இல்லை. அம்மா அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அப்பா மட்டும் தினமும் காலையில், "வந்துச்சா?" என்று ஒரு சொல் கேட்பார். ஒவ்வொரு தடவையும் அவர் முகத்தைப் பார்க்காமலே, "இல்லப்பா," என்பேன். நான் போகாவிட்டால் அதற்குத் தான்தான் காரணம் என்று வாழ்நாள் முழுக்க நினைப்பாரே என்பதுதான் அப்போது என் பயம். போவது கூட இரண்டாம் பட்சமாகிவிட்டது.

இடமும் புலமைப்பரிசிலும் கிடைத்தன. கடிதத்தால் கிடைத்ததா, கடிதம் இருந்தும் கிடைத்ததா என்று அவர்கள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. செய்தியைச் சொன்னபோது அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அன்றைக்குப் பேசியதற்கெல்லாம் அவர் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டேன். "போ லூசு," என்று தலையில் குட்டினார்.

போய்ச் சேர்ந்த அந்த ஊரில் வெளியே சத்தமே இல்லாத மழை. பெட்டியைத் திறந்தேன். உடுப்புகளுக்கு நடுவில் அப்பாவின் மழைக் கொப்பி, பொலித்தீன் பைக்குள் பத்திரமாக. நான் பிறந்த மாதத்தில் காகிதம் செருகியிருந்தது. நான்கு பூச்சியங்களின் மேலும் புது நீல மையில் ஒவ்வொரு கோடு. அடியில் இருப்பது தெரிகிற மாதிரி ஒற்றைக் கோடு. திருத்தம் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று எப்போதோ நான் வாய்ப்பேச்சில் சொன்னது. மூன்று நாளுக்கு நேரே ஒரே மாதிரி எழுதியிருந்தார்: நல்ல மழை, அளக்கவில்லை.

இரண்டாவது நாளுக்கு நேரே எழுத்து கட்டத்துக்குள் அடங்காமல் பக்கத்தின் ஓரம் வரை போயிருந்தது. நல்ல மழை, அளக்கவில்லை, மகள் பிறந்தாள். அதன் கீழே அப்பாவின் கையெழுத்து.