லாக்கருக்குள் கத்திய போன்

பாயான் லெப்பாஸில் எங்கள் தொழிற்சாலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வாசலிலேயே இரும்பு லாக்கரில் பூட்டிவிட வேண்டும். காலையில் முழு சார்ஜோடு வைக்கிற போன், வேலை முடிந்து எடுத்தால் சுடும். பேட்டரி அடிமட்டத்தில் கிடக்கும். பக்கத்து லாக்கர் அக்காவுக்கும் இதே தொல்லை. "பேட்டரி மோசம் லா" என்று இருவரும் புதுசு மாற்றினோம். ஒன்றும் மாறவில்லை.

இத்தனைக்கும் எங்கள் வேலையே போனுக்குள் போகிற ரேடியோ சிப்பைச் சோதிப்பதுதான். சிக்னலைக் குறைக்கக் குறைக்க, சிப் தன் சக்தியை ஏற்றிக்கொண்டே போவதைத் தினமும் திரையில் பார்க்கிறோம். ஒருநாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா சட்டென்று திரும்பினார்.

"அடியே, நம்ம லாக்கர்!"

இரும்புக்குள் சிக்னல் சரியாக எட்டாமல், டவரைத் தேடித் தேடி நாள் முழுக்கத் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறது போன். நாங்கள் சிரித்த சிரிப்பில் சூப்பர்வைசரே எட்டிப் பார்த்தார்.

மறுநாள் ஏரோப்ளேன் மோடில் போட்டுப் பூட்டினோம். லாக்கருக்குள் இருக்கும்போது யார் அழைத்தால்தான் நாம் எடுக்கப்போகிறோம்? மாலையில் சார்ஜ் வைத்தது வைத்தபடி இருந்தது. சிக்னல் மந்தமான என் வீட்டிலும் போன் இப்படிக் கத்தாமலிருக்க, அழைப்புகள் வைஃபை வழியாகப் போகும்படி வைஃபை காலிங்கையும் போட்டுவிட்டேன்.

முன்பெல்லாம் திரும்பும் பஸ்ஸில் அக்காவின் போன் செத்துக் கிடக்கும். நான் நிம்மதியாகத் தூங்குவேன். இப்போது வீடுவரை சீரியல் அலறுகிறது. "குறைச்சு வைங்கக்கா" என்றால், "பயப்படாதே, பேட்டரி நிறைய இருக்கு லா" என்கிறார்.