அனுமதி கேட்காத வாசகர்

கொச்சி மட்டாஞ்சேரியில் இருக்கும் சீதாலக்ஷ்மிக்கு எட்டு வருஷமாகப் பம்பு, லிஃப்ட், கம்ப்ரசர் கையேடுகளை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குவதுதான் பிழைப்பு. ஜெர்மனியில் பொறியியல் ஆவணங்கள் தயாரிக்கும் நிறுவனம் ஒன்று தமிழ் மொழிபெயர்ப்பாளரைத் தேடியது. விண்ணப்பத்தோடு, வேலை செய்யும் முறையைப் பற்றி ஒரு பக்கக் கடிதம் வேண்டுமாம். மூன்று நாளாக அந்த ஒரு பக்கம் அவளைப் பாடாய்ப் படுத்தியது.

விண்ணப்பத்தில் தாய்மொழி தமிழ் என்று எழுதிவிட்டாள். அடுத்த கேள்வி, எந்த மொழியில் படித்தீர்கள்? படித்ததெல்லாம் மலையாளம். தமிழ் எழுத்தைத் தானே கற்றுக்கொண்டவள். அந்தப் பயத்தில்தான், எதை முடித்தாலும் பக்கத்துத் தோப்பும்படியில் உள்ள பட்டறைக்கு எடுத்துப்போய் அழகரிடம் கொடுப்பாள். மதுரைப் பக்கத்து மெக்கானிக். அவர் அதைப் படித்து, அதில் சொன்னபடியே வேலை செய்வார். கை எங்கே தயங்குகிறதோ அந்த வரியை மாற்றுவாள். ஒருமுறை, காற்றழுத்தம் இறங்காமல் திறக்கக் கூடாது என்ற எச்சரிக்கை அடுத்த பக்கத்தில் இருந்தது. அதற்குள் அவர் கை வால்வுக்குப் போய்விட்டது. எச்சரிக்கையை முன்னால் கொண்டுவந்தாள்.

"ஏன்னா, அழகர்ட்ட காட்டறதைக் கடிதத்தில எழுதட்டுமா, வேண்டாமா?" என்று கணவரைக் கேட்டாள்.

"எழுதினா உனக்குத் தமிழ் அறியாதுன்னு நினைச்சுப்பா. விட்டுடு" என்றார் வெங்கிடேஸ்வரன்.

எழுதினாலும் கெட்டது, எழுதாவிட்டால் சொல்லிக்கொள்ள வேறொன்றும் இல்லை. எழுதியே அனுப்பினாள்.

நாலாம் நாள் பதில் வந்தது. உங்கள் முறை மிகவும் பிடித்தது. ஒரே சந்தேகம்: வெளியாகாத கையேடுகளை இன்னொருவருக்குக் காட்ட வாடிக்கையாளர்கள் அனுமதித்தார்களா?

ஒவ்வொரு வேலைக்கும் ரகசியம் காப்பேன் என்று கையெழுத்துப் போட்டவள்தான். அழகரை வெளியாள் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. நல்லதைச் செய்தோமா, திருட்டுத்தனம் செய்தோமா?

"அனுமதி உண்டுன்னு எழுது. ஆரறியப் போறா?" என்றார் கணவர்.

அவள் பட்டறைக்கே போய்விட்டாள். விஷயத்தைக் கேட்ட அழகர் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நான் யாருகிட்டயும் மூச்சு விடலையேக்கா."

"அது தெரியும் அண்ணா. ஆனா இனிமே காட்டப்படாது."

"சரிக்கா. அப்ப தப்பா இருந்தா யாரு சொல்லுவா?"

வீடு திரும்பி, அனுமதி கேட்கவில்லை என்று உள்ளதை எழுதினாள். மறுநாளே, வருந்துகிறோம் என்று இரண்டு வரி வந்தது. அவர்கள் மேல் கோபப்படவும் முடியவில்லை, தன் மேல் கோபப்படவும் மனம் வரவில்லை. அழுகை மட்டும் வந்தது.

கையிலிருந்த லிஃப்ட் கையேட்டுக்கு அன்றுதான் கெடு. எச்சரிக்கைகள் வரும் பதினாலாம் பக்கத்தை ஏழெட்டு முறை படித்தாள். அவள் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே இருந்தது. எட்டு வருஷத்தில் முதல்முறையாக, சரிதானா என்று தெரியாமலேயே ஒரு கையேட்டை அனுப்பினாள்.