உள்ளிருந்து திறக்காத முகவரி

அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் நான் நெட்வொர்க் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. ஆலை முழுக்க நாற்பது கம்ப்யூட்டர் இருக்கும். எல்லாவற்றுக்கும் இணையத்துக்கென்று வாடகைக்கு எடுத்த ஒரே ஒரு லீஸ்டு லைன். அந்த லைனுக்கும் ஆலைக்கும் நடுவில் வாசல்போல் உட்கார்ந்திருந்தது நானே உருவாக்கிய கேட்வே. யாருக்கும் வேண்டாத பழைய கம்ப்யூட்டர் ஒன்றை எடுத்து, அதில் லினக்ஸ் ஏற்றி, இரண்டு நெட்வொர்க் கார்டு போட்டு, ஒரு கார்டை வெளி லைனுக்கும் மற்றதை ஆலைக்குள்ளும் இணைத்திருந்தேன். புத்தகம் பார்த்தும் இணையத்தில் தேடியும் நானாகக் கற்றுக்கொண்டு செய்தது. அதைத் தொட வேறு யாரையும் விட்டதில்லை. அதில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை.

இரண்டாயிரத்து ஆறில் புரோகிராமராக ஒரு பெண் வேலைக்கு வந்தார். வேப்பந்தட்டைப் பக்கம் மானாவாரி விவசாயக் குடும்பம். விடியும்போதே பஸ் பிடித்து, பெரம்பலூரில் மாறி, ஒன்பது மணிக்குள் ஆபீசில் இருப்பார். அதிகம் பேசமாட்டார். லோடு அனுப்பும் டெஸ்பாட்ச் பிரிவுக்கு டீலர்கள் நாள் முழுக்கப் போன் போட்டு, "என் லோடு கெளம்பிருச்சா, லாரி நம்பர் என்ன?" என்று கேட்டு உயிரை எடுப்பார்கள். அதற்கு ஒரு வழி பண்ணச் சொல்லி எங்கள் மேனேஜர் அவரிடம் ஒப்படைத்தார். மூன்று மாதத்தில் முடித்துவிட்டார். எடைமேடையில் லாரி ஏறியதும் விவரம் சர்வருக்குப் போய்விடும். டீலர் தஞ்சாவூரில் உட்கார்ந்துகொண்டே ஆலையின் வெப் முகவரியைத் தட்டினால் தன் லோடு எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம்.

சர்வர் ஆலைக்குள்ளேயே, என் அறையில் இருந்தது. அதற்கு உள் எண் ஒன்று, 192.168 என்று தொடங்குவது. வெளியுலகத்துக்கு அந்த எண் தெரியாது. வெளியே தெரிவது லைனுக்குக் கொடுத்த பொது எண் ஒன்றுதான், அது கேட்வேக்கு உரியது. டீலர் தட்டும் வெப் முகவரியும் அந்தப் பொது எண்ணுக்குத்தான் வந்து சேரும். ஆகவே கேட்வேயில் ஒரு விதி எழுதினேன்: வெளிக் கார்டு வழியாக வெப் பக்கம் கேட்டு எது வந்தாலும் உள்ளே இருக்கும் சர்வருக்குத் திருப்பிவிடு. 'வெளிக் கார்டு வழியாக' என்று எழுதியதும் நான்தான். அந்த ஒரு நிபந்தனை என்ன செய்யும் என்று யோசித்துப் பார்க்கவில்லை.

சென்னையிலிருந்து டைரக்டர் ஆலைக்கு வந்த அன்று, கான்பரன்ஸ் அறையில் புரொஜெக்டர் போட்டு இதைக் காட்டுவதாக மேனேஜர் ஏற்பாடு செய்திருந்தார். அதுவரை அந்தப் பெண் உள் எண்ணைத் தட்டித்தான் சோதித்துக்கொண்டிருந்தார். அன்று டைரக்டரே முன்னால் வந்து, டீலர்களுக்குக் கொடுத்திருந்த வெப் முகவரியைத் தட்டச்சு செய்தார். பக்கத்தைக் காட்ட முடியவில்லை என்று திரையில் வந்தது. மறுபடி தட்டினார். அதேதான். பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்த அறை.

"சார், உள் நம்பர்ல போட்டா வரும் சார்" என்றார் அந்தப் பெண். போட்டும் காட்டினார். பக்கம் வந்தது.

"இங்க உள்ள இருக்கிறவனுக்கு எதுக்கும்மா இது? டீலர் உள்ளயா உக்காந்திருக்கான்?" என்றார் மேனேஜர். டைரக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார்.

மதியம் அந்தப் பெண் என் அறைக்கு வந்தார். முகம் வீங்கியிருந்தது. ஆனால் குரல் தெளிவாகத்தான் இருந்தது.

"சார், டீலருங்க பாத்துக்கிட்டுதான் இருக்காங்க. யார் யார் பாத்தாங்கன்னு பதிவாகுற லாக்ல வெளி நம்பரெல்லாம் வந்திருக்கு. இன்னைக்குக் காலையிலகூட திருச்சிக்காரர் ஒருத்தர் பாத்திருக்காரு. உள்ள இருந்து வெளி முகவரியப் போட்டாதான் வரல போலிருக்கு. உங்க கேட்வேல ஏதாச்சும் இருக்கான்னு பாக்குறீங்களா?"

கேட்வே என்றதும் எனக்குச் சுருக்கென்றது. நேற்று வந்த பெண் என் வேலையில் குறை சொல்கிறாளா என்றுதான் மனது போனது. அவர் எதிரிலேயே பொது எண்ணுக்கு, உயிரோடு இருக்கிறதா என்று கேட்கும் பிங் அடித்துக் காட்டினேன். பதில் வரிசையாக வந்தது.

"பாத்தீங்களா? லைன் நல்லாருக்கு, கேட்வே நல்லாருக்கு. ஒங்க சர்வர்ல பாருங்க."

"பதில் ஒரு மில்லிசெகண்டுகூட ஆகாம வருது சார். வெளிய போயிட்டு வந்தா இவ்ளோ சீக்கிரம் வருமா?"

சரியான கேள்வி. பிங்குக்குப் பதில் சொன்னது கேட்வேதான். பொது எண் அதனுடையது என்பதால், வெளியே போகாமல் அங்கேயே பதில் வந்துவிட்டது. அதனால் எதுவும் நிரூபணமாகவில்லை. நான் பிங்கை நிறுத்திவிட்டு வேறு வேலையைத் திறந்தேன். அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

மறுநாள் மேனேஜர் என்னிடம் எழுத்தில் கேட்டார். 'நெட்வொர்க்கில் குறை எதுவும் இல்லை. வெப் பக்கம் வெளி முகவரியில் கிடைக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பெண் லாக்கை அச்செடுத்துக்கொண்டு போய் மேனேஜர் மேசையில் வைத்தார். அவர் அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"புரோகிராமும் நீ எழுதுனது, லாக்கும் அந்தப் புரோகிராம் எழுதுனது. இத வச்சு நான் என்ன பண்றது?"

ஒரு டீலரைப் போனில் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். டவுனுக்கு யாரையாவது அனுப்பி ஒரு பிரௌசிங் சென்டரில் பார்க்கச் சொல்லியிருக்கலாம். பத்து நிமிட வேலை. மேனேஜருக்குத் தன்மேல் பழி வராமல் இருந்தால் போதும். எனக்கும் அப்படியே. அந்த மாதக் கடைசியில் தகுதிகாண் காலம் முடிந்தபோது அவரை வேலையில் நிரந்தரம் செய்யவில்லை. மேசையில் இருந்த தண்ணீர் பாட்டிலையும் ஒரு நோட்டையும் பையில் வைத்துக்கொண்டு, "போயிட்டு வரேன் சார்" என்று என்னிடமும் சொல்லிவிட்டுத்தான் போனார்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் மனைவி தபால்வழிப் படிப்பில் எழுதியிருந்த தேர்வின் முடிவு பார்க்க அரியலூரில் ஒரு பிரௌசிங் சென்டருக்குப் போனோம். பாஸ். அவள் மார்க்கை எழுதிக்கொண்டிருந்தபோது, எதற்கென்று தெரியாமலேயே ஆலையின் முகவரியைத் தட்டினேன். பக்கம் திறந்தது. அன்று காலை கிளம்பிய லாரிகளின் எண்கள் வரிசையாக நின்றன. எழுதியவரை அனுப்பிவிட்டோம், புரோகிராமை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. அது தன்பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது.

"என்னங்க, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சு?" என்றாள் மனைவி. ஒன்றுமில்லை என்றேன்.

திங்கட்கிழமை கேட்வே முன்னால் உட்கார்ந்தேன். என் விதி வெளிக் கார்டில் வருவதை மட்டுமே திருப்பியது. உள்ளேயிருந்து பொது எண்ணைத் தேடி வரும் கோரிக்கை உள் கார்டு வழியாக வருகிறது. அதற்கு அந்த விதி பொருந்தாது. 'இது என் எண்தானே, எனக்கு வந்ததுதானே' என்று கேட்வே அதைத் தானே வாங்கிக்கொள்கிறது. கேட்வேயில் வெப் பக்கம் எதுவும் இல்லை என்பதால் மறுத்துவிடுகிறது. அவ்வளவுதான்.

எந்தக் கார்டில் வந்தாலும் பொது எண்ணுக்கு என்றால் சர்வருக்குத் திருப்பு என்று மாற்றினேன். அப்போதும் திறக்கவில்லை. முன்பு உடனே மறுத்தது, இப்போது சுற்றிக்கொண்டே இருந்தது. சர்வரில் தகவல் போக்குவரத்தைப் பார்த்தபோது புரிந்தது. கோரிக்கை சர்வருக்கு வந்துவிட்டது, ஆனால் அனுப்பியவர் என்ற இடத்தில் என் கம்ப்யூட்டரின் உள் எண் அப்படியே இருந்தது. இரண்டும் ஒரே நெட்வொர்க். ஆகவே சர்வர் கேட்வேயை விட்டுவிட்டு நேராக என் கம்ப்யூட்டருக்கே பதில் அனுப்பியது. என் கம்ப்யூட்டர் கேட்டதோ பொது எண்ணிடம். கேட்காத ஓர் எண்ணிலிருந்து பதில் வந்ததும் அது ஏற்காமல் தள்ளிவிட்டது.

இன்னொரு வரி சேர்த்தேன். உள்ளேயிருந்து வந்து உள்ளேயே சர்வருக்குத் திரும்பும் கோரிக்கைகளில், அனுப்பியவர் எண்ணையும் கேட்வேயின் உள் எண்ணாக மாற்று. இப்போது சர்வர் கேட்வேக்குப் பதில் அனுப்பியது, கேட்வே அதைப் பொது எண்ணிலிருந்து வந்ததாக மாற்றி எனக்குக் கொடுத்தது. பக்கம் திறந்தது. வாசல்வரை போய், வந்த திசைக்கே வளைந்து திரும்புவதால் இதை ஹேர்பின் என்கிறார்கள். நம் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவேதான். ஒரு கெடுதல் உண்டு, உள்ளிருந்து யார் பார்த்தாலும் சர்வர் லாக்கில் கேட்வேயின் எண்தான் விழும். அது பெரிய விஷயமில்லை. ஆக, இரண்டே வரி. அரை மணி நேரம்.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். "சர்வர்ல குத்தம் இல்ல சார். கேட்வேலதான். அந்தப் பொண்ணு சொன்னது சரி."

அவர் கதவைச் சாத்தச் சொன்னார். "நீதானய்யா எழுதிக் குடுத்த? இப்ப மாத்தி எழுதுனா மொதல்ல உன்னைத்தான் கேப்பாங்க. அப்புறம் என்னை. சரியாயிருச்சுல்ல, விடு."

நான் விட்டேன். அடுத்த முறை டைரக்டர் வந்தபோது அதே அறையில், அதே திரையில் பக்கம் திறந்தது. யார் சரிசெய்தது என்று கேட்டார். மேனேஜர் என்னைக் காட்டினார். கைதட்டினார்கள். எழுந்து நின்று வணக்கமும் சொன்னேன். அந்தப் புரோகிராமை எழுதியவர் யார் என்று யாரும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

மறு வருடம் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். கையில் பரீட்சைப் பேப்பர் கட்டு. ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுப்பதாகச் சொன்னார். சென்னையில் இரண்டு இன்டர்வியூ போனாராம். பழைய வேலையை ஏன் விட்டீர்கள் என்ற கேள்வியிலேயே இரண்டும் நின்றுவிட்டனவாம். நான் எல்லாவற்றையும் சொன்னேன். உள் கார்டு, வெளிக் கார்டு, இரண்டு வரி, எல்லாம். அவர் பேப்பர் கட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு சொன்னார்.

"தெரியும் சார். டைரக்டர் வந்த அன்னைக்குச் சாயங்காலமே இங்க ஒரு சென்டர்ல போட்டுப் பாத்துட்டேன். வந்துச்சு."

"அத ஏம்மா அப்பவே சொல்லல?"

"வெளிய இருந்து பாத்தா வருதுன்னு மத்தியானமே சொன்னேனே சார். ஒங்ககிட்டதான மொதல்ல சொன்னேன்."

அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"இப்ப சொன்னீங்கல்ல, இத எழுதிக் குடுப்பீங்களா சார்? கம்பெனி பேர்ல வேணாம். நீங்க கையெழுத்துப் போட்டு, என் வேலையில குத்தம் இல்லன்னு. அடுத்த எடத்துல கேட்டா காட்டுவேன்."

"பாக்குறேம்மா" என்றேன். அவர் பஸ் வரும் பக்கம் திரும்பினார். பிறகு, "சரிங்க சார், பஸ் வந்துருச்சு" என்று சொல்லிவிட்டுப் போய் ஏறிக்கொண்டார்.

அன்று இரண்டு வரி எழுதியிருக்கலாம். பேனா சட்டைப் பையில்தான் இருந்தது. அந்தக் காகிதம் எப்படியாவது சுற்றி ஆலைக்கு வந்துவிடுமோ என்ற பயம். அதற்குப் பிறகும் அதே ஆலையில், அதே அறையில் வேலை பார்த்தேன். அவர் முகவரி என்னிடம் இல்லை என்று சில காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எந்தப் பள்ளிக்கூடம் என்று அவர் சொல்லித்தான் இருந்தார்.